சின்னம்மை: பள்ளியிலிருந்து செய்தி வந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஒரு வகுப்பில் யாருக்காவது சிக்கன் பாக்ஸ் எனப்படும் சின்னம்மை உறுதியானால், அந்த வகுப்புப் பெற்றோர் எல்லாருக்கும் பள்ளி ஒரு செய்தி அனுப்புகிறது. பள்ளியின் சுகாதாரப் பொறுப்பில் இருப்பதால் அந்தச் செய்தியை எழுதுவதும், அதன் பிறகு வரும் போன்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் பகுதிச் சுகாதாரத் துறையின் விதி ஓரிரு நாள் கூடவோ குறையவோ சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

செய்தியில் என்ன இருக்கும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

இப்படி இருக்கும்:

"அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் குழந்தையின் வகுப்பில் ஒருவருக்குச் சின்னம்மை இருப்பதை மருத்துவர் உறுதிசெய்துள்ளார். அந்தக் குழந்தை கடைசியாக 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை வகுப்பில் இருந்தது. உங்கள் குழந்தைக்கு அன்று தொற்றியிருந்தால் 17ஆம் தேதிக்கும் 28ஆம் தேதிக்கும் இடையில் காய்ச்சலோ புள்ளிகளோ தெரியலாம். தெரிந்தால் பள்ளிக்கு அனுப்பாமல் எங்களுக்குப் போன் செய்யுங்கள். இதுவரை சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத குழந்தைக்கு 12ஆம் தேதிக்குள் ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை அந்த வகுப்பறையில் இருந்தவர்களில் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். நலமாக இருக்கும் குழந்தைகள் வழக்கம்போல் வரலாம்."

இதில் முக்கியமானவை தேதிகள்தான். 'சின்னம்மை பரவுகிறது, கவனமாக இருங்கள்' என்று மட்டும் எழுதினால் எல்லாரும் பயப்படுவார்கள், ஆனால் எப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வந்த செய்தியில் தேதி இல்லையென்றால் பள்ளிக்குப் போன் செய்து, "அந்தக் குழந்தை கடைசியாக எந்த நாள் வகுப்பில் இருந்தது?" என்று கேளுங்கள். மற்ற எல்லாத் தேதியும் அந்த ஒரு பதிலிலிருந்து கிடைத்துவிடும்.

அந்தத் தேதிகளை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

மாதிரிச் செய்தியில் உள்ள குழந்தையையே எடுத்துக்கொள்வோம். 9ஆம் தேதி ஞாயிறு மாலை குளிக்கவைக்கும்போது முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளிகளை அம்மா பார்க்கிறார். இரவுக்குள் வயிற்றிலும் வந்துவிடுகிறது. திங்கள் காலை மருத்துவர் சின்னம்மை என்று சொல்ல, உடனே பள்ளிக்குத் தகவல் வருகிறது.

சின்னம்மையில் புள்ளிகள் தெரிவதற்கு ஒன்று இரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு நாள் பின்னால் போனால் வெள்ளிக்கிழமை. அன்று குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டுதான் இருந்தது, உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் வகுப்புக்குத் தொற்றியிருக்கக்கூடிய நாள் அதுதான். ஒரே அறையில் கால் மணி நேரமோ அதற்கு மேலோ சேர்ந்து இருந்தவர்கள், முகத்துக்கு முகம் நின்று பேசியவர்கள் என எல்லாரையும் தொடர்பில் இருந்தவர்களாகவே எடுத்துக்கொள்கிறோம். வகுப்பறை என்றால் நடைமுறையில் மொத்த வகுப்பும்தான்.

வைரஸ் உள்ளே போனதிலிருந்து நோய் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் 14 முதல் 16 நாளில் தெரியும். 7ஆம் தேதியோடு 10 கூட்டினால் 17, 21 கூட்டினால் 28. செய்தியில் உள்ள இரண்டு தேதிகளும் இப்படி வந்தவைதான்.

நிறையப் பேர் செய்தி வந்த அன்றே குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். நான்கு நாள் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய நாட்கள் அப்போது தொடங்கியிருக்கவே மாட்டா. காலண்டரில் 17இலும் 28இலும் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு வந்திருக்கிறது என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

ஒரு குழந்தையின் நோய் விவரம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அவர்கள் அனுமதி இல்லாமல் அதைச் சொல்லும் உரிமை பள்ளிக்கு இல்லை. அதோடு, பெயர் தெரிந்தால் தவறான நிம்மதி வந்துவிடும். "என் பையன் அவனோடு பேசுவதே இல்லை" என்று நினைத்து, பார்க்க வேண்டிய நாட்களைப் பெற்றோர் விட்டுவிடுவார்கள். இது காற்றில் பரவும் நோய் என்பதால் பக்கத்து பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

யார் வரவில்லை என்பதை வைத்துப் பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பெயரை பெற்றோர் குழுவில் எழுதாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாரம் கழித்து அந்தக் குழந்தை திரும்பி வந்து அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

என் குழந்தை நன்றாக இருக்கிறது. பாதுகாப்புக்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டுமா?

தேவையில்லை. நோய்க்குறி இல்லாத குழந்தைகளை நாங்கள் வரவேண்டாம் என்று சொல்வதில்லை. செய்தி உங்கள் கைக்கு வரும்போது, தொற்ற வேண்டியது தொற்றி மூன்று நாள் ஆகியிருக்கும். நோயுற்ற குழந்தையோ இப்போது வகுப்பில் இல்லை. இன்று லீவு போட்டால் வெள்ளிக்கிழமை நடந்ததை மாற்ற முடியாது. 28ஆம் தேதிவரை வீட்டில் வைத்தால் மூன்று வாரப் பாடம்தான் போகும்.

இதில் விதிவிலக்கு உண்டு. நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த குழந்தையை, வகுப்பில் அடுத்தடுத்து ஆட்கள் விழக்கூடிய அந்த நாட்களில் வீட்டில் வைக்கும்படி மருத்துவர் சொல்லலாம். நிறையப் பேருக்குப் பரவிவிட்டால் தடுப்பூசி போடாத குழந்தைகளைச் சில வாரம் வரவேண்டாம் என்று சுகாதாரத் துறை உத்தரவிடும் இடங்களும் உண்டு. அப்படி உத்தரவு வந்தால் தனியாகச் சொல்வோம்.

தொற்றிய பிறகு தடுப்பூசி போட்டு என்ன பயன்?

பயன் உண்டு. ஆனால் நாள் மிகக் குறைவு. தொடர்பு ஏற்பட்ட 3 நாளுக்குள் போட்டால் நோய் வராமலே போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. 5 நாள் வரையிலும் போடலாம், நோய் வந்தாலும் லேசாகப் போகக்கூடும். எங்கள் கணக்கில் வெள்ளி 7, எனவே மூன்றாம் நாள் திங்கள் 10, ஐந்தாம் நாள் புதன் 12. திங்கள் காலை தகவல் தெரிந்து, 'நிதானமாக நாளை மறுநாள் அனுப்பலாம்' என்று பள்ளி இருந்துவிட்டால் அந்த வாய்ப்பில் பாதி போய்விடும். அதனால்தான் செய்தி அன்றே வருகிறது. அதனால்தான் வீட்டில் ஞாயிறு இரவு புள்ளி பார்த்தவர்கள் திங்கள் காலை முதல் வேலையாக எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன்.

12ஆம் தேதி தாண்டிவிட்டாலும், இந்த முறை தொற்றாமல் இருந்தால் அடுத்த முறைக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்பதால் மருத்துவர் ஊசியைப் பரிந்துரைப்பது வழக்கம். முழுப் பாதுகாப்புக்கு இரண்டு தவணை வேண்டும். ஒரே தவணை போட்டவர்கள் இரண்டாவதை இப்போதே போடலாமா என்று கேளுங்கள். இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் போடமாட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

யார் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்?

நல்ல ஆரோக்கியமுள்ள குழந்தைக்குச் சின்னம்மை ஒரு வாரத் தொல்லையாகத்தான் பெரும்பாலும் போகும். வேறு சிலருக்கு அப்படி இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, உறுப்பு மாற்றம் செய்துகொண்ட குழந்தை, ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் வாயால் சாப்பிட்டு வரும் குழந்தை, முன்பு சின்னம்மை வராத கர்ப்பிணி ஆகியோருக்கு நுரையீரல் வரை பாதிப்பு போகலாம். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய்க்கு வந்தால் கருவிலுள்ள குழந்தைக்கும் பாதிப்பு வர ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

இவர்களில் யாராவது வெள்ளிக்கிழமை அந்த வகுப்பறையில் இருந்திருந்தால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். ஆசிரியராக இருந்தாலும், உதவிக்கு வந்த அம்மாவாக இருந்தாலும் இதுதான். முன்பு வந்ததா என்று நினைவில்லாதவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் தயாரான எதிர்ப்புப் புரதங்களைக் கொண்ட ஊசியையோ வைரஸுக்கு எதிரான மருந்தையோ மருத்துவர் தரக்கூடும். அந்த ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 10 நாள் வரை, அதாவது இங்கே 17ஆம் தேதி வரை போட முடியும். அந்த ஊசி போட்டவர்களுக்கு நோய் தாமதமாகவும் வரலாம் என்பதால், 21 நாளுக்குப் பதில் 28 நாள் கவனிக்க வேண்டும்.

"நான் கர்ப்பமாக இருக்கிறேன், என் மகன் அந்த வகுப்பில் படிக்கிறான், ஆனால் நான் பள்ளிக்கு வரவே இல்லை" என்று சொல்பவர்கள் பதற வேண்டாம். உங்கள் மகனுக்கே தொற்றியிருந்தாலும், அவனிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவக்கூடியது ஏறக்குறைய 15ஆம் தேதிக்குப் பிறகுதான். அதற்குள் உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

இது சின்னம்மைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கொசுக்கடி மாதிரியே இருக்கிறதே?

முதல் நாள் கொசுக்கடி மாதிரிதான் இருக்கும். ஒரு பேனாவால் நாலைந்து புள்ளிகளைச் சுற்றி லேசாக வட்டம் போட்டுவிட்டு, ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கடி என்றால் அப்படியே இருக்கும் அல்லது அமுங்கியிருக்கும். சின்னம்மை என்றால் அந்தச் சிவப்பின் நடுவில் மெல்லிய தோலுக்குள் தெளிந்த நீர் கோத்து, பனித்துளி உட்கார்ந்த மாதிரி தெரியும். வட்டத்துக்கு வெளியே புதுப் புள்ளிகளும் வந்திருக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சின்னம்மை அலை அலையாக வரும். ஒரே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு நீர்க்கொப்புளம், காய்ந்துபோன ஒரு பொருக்கு என்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும் பாருங்கள், கொசு அங்கெல்லாம் கடிப்பதில்லை.

சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்குப் போவதற்கு முன் போன் செய்து சொல்லுங்கள். காத்திருக்கும் கூடத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் உங்களைத் தனி அறைக்கு அழைத்துக்கொள்வார்கள்.

என் குழந்தைக்கு வந்துவிட்டது. எந்த நாள் திரும்ப அனுப்பலாம்?

கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகு. விதி இவ்வளவுதான். புள்ளிகள் முதலில் தெரிந்த நாளிலிருந்து இதற்கு வழக்கமாக 5 நாள் ஆகும், சிலருக்கு 7 நாளும் ஆகும். நாள் கணக்கு ஒரு மதிப்பீடுதான். முடிவு செய்ய வேண்டியது தோலைப் பார்த்து.

நம் குழந்தைக்கு ஞாயிறு 9 அன்று புள்ளி தெரிந்தது. அன்றைய நாளைப் பூஜ்யம் என்று வைத்தால் ஐந்தாம் நாள் வெள்ளி 14. பெற்றோர் அன்று காலை பார்க்கிறார்கள். முகம், நெஞ்சு, வயிறு எல்லாம் காய்ந்துவிட்டது. காய்ச்சல் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது, பள்ளிக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறது. ஆனால் தலைமுடியைச் சீப்பால் வகிர்ந்து பார்த்தால் காதுக்குப் பின்னால் இரண்டு கொப்புளங்கள் இன்னும் ஈரமாக இருக்கின்றன. அதனால் வெள்ளிக்கிழமை அனுப்பவில்லை. ஞாயிறு காலையில் அவையும் காய்ந்து பழுப்பு நிறப் பொருக்காகிவிட, 17ஆம் தேதி திங்களன்று வகுப்புக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையை விட்டது சரியான முடிவு. ஏனென்றால் வைரஸ் கொப்புளத்து நீரில்தான் இருக்கிறது, இரண்டு கொப்புளம் மீந்திருந்தாலும் அதில் இருக்கும்.

பெற்றோர் பார்க்க மறக்கும் இடங்கள் எப்போதும் இவைதான்: முடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டி இறுகும் இடம், தொடை இடுக்கு. கடைசி அலையின் கொப்புளங்கள் பெரும்பாலும் இங்கே ஒளிந்திருக்கும், வியர்வை ஈரத்தில் தாமதமாகவும் காயும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மேலே லேசாக விரல் வைத்தால் காய்ந்த பொருக்கு சொரசொரப்பாக இருக்கும். உள்ளே நீர் இருந்தால் மெத்தென்று இருக்கும். பார்த்த பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பொருக்கு தட்டியதோடு, காய்ச்சலும் இல்லாமல், வகுப்பில் உட்காரும் தெம்பும் இருக்க வேண்டும். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாத, அரிப்பால் சரியாகத் தூங்காத குழந்தைக்கு இன்னும் ஒரு நாள் ஓய்வு தேவைப்பட்டால் கொடுங்கள்.

உடம்பெல்லாம் பொருக்கு இருக்கும்போதே அந்தக் குழந்தையை எப்படிப் பள்ளிக்குள் விட்டீர்கள்?

காய்ந்த பொருக்கிலிருந்து சின்னம்மை பரவாது. அவை முழுவதும் உதிர ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், நிறம் மாறிய தழும்பு இன்னும் சில மாதம் தெரியலாம். அதுவரை வீட்டில் வைக்கச் சொன்னால் ஒரு காரணமும் இல்லாமல் குழந்தையைத் தண்டிப்பதாகிவிடும்.

பொருக்கு உதிரும்வரை ஒதுக்கிவைக்கும் விதி பெரியம்மைக்கு உரியது. அதில் பொருக்கிலும் வைரஸ் உயிரோடு இருக்கும், கடைசிப் பொருக்கு விழும்வரை நோயாளி தனியாக இருக்க வேண்டியிருந்தது. அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. சின்னம்மை வேறொரு வைரஸால் வருவது, இதற்கு அந்த விதி பொருந்தாது.

திரும்பி வரும் குழந்தையைவிட, அறிகுறி தெரிவதற்கு முந்தின நாள் சிரித்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையிடமிருந்துதான் நோய் பரவுகிறது. இதைப் புரிந்துகொண்டால் முகத்தில் பொருக்கோடு வரும் பிள்ளையைப் பார்த்து யாரும் விலக மாட்டார்கள். உங்கள் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள். "அவனுக்குச் சரியாகிவிட்டது, பக்கத்தில் உட்காரலாம்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

தடுப்பூசி போட்ட குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிதான் வந்தது. பொருக்கே வரவில்லை. எப்போது அனுப்புவது?

தடுப்பூசி போட்டவர்களுக்கும் சில சமயம் வரும், ஆனால் லேசாக வரும். ஊசி போடாத குழந்தைக்கு 250 முதல் 500 வரை புள்ளிகள் வருவது வழக்கம். ஊசி போட்டவர்களுக்குப் பெரும்பாலும் 50க்கும் கீழேதான். பலவற்றில் நீரே கோக்காது, சிவப்புப் புள்ளியாகத் தோன்றி அப்படியே மங்கிவிடும். அதில் பொருக்கை எதிர்பார்த்துக் காத்திருந்தால் நாள்தான் போகும்.

இவர்களுக்கு விதி வேறு: 24 மணி நேரத்தில் ஒரு புதுப் புள்ளிகூட வரவில்லை, பழையவை மங்கிவிட்டன அல்லது காய்ந்துவிட்டன என்றால் வரலாம். எண்ணி நினைவு வைப்பது கஷ்டம் என்பதால் ஒரு வழி சொல்கிறேன். காலையில் ஒரே இடத்தில் நிறுத்தி, வயிறு, முதுகு, முகம் மூன்றையும் போனில் படம் எடுங்கள். மறுநாள் அதே நேரம், அதே இடத்தில் மறுபடி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிதாக வந்தது தெரிந்துவிடும். படங்களை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேசாக இருக்கிறது என்பதற்காக அனுப்பிவிடக் கூடாது. குறைவாகத்தான் பரவும், ஆனால் பரவும். அந்த வகுப்பில் ஊசி போட முடியாத குழந்தை ஒன்று இருக்கலாம்.

மருத்துவச் சான்றிதழ் கட்டாயமா?

அது அந்தந்தப் பள்ளியின் விதியைப் பொறுத்தது. கேட்டால் கொண்டுவாருங்கள். நான் பார்த்தவரை பிரச்சினை எங்கே வருகிறது என்றால், முதல் நாளே மருத்துவர் '14ஆம் தேதி முதல் பள்ளிக்குச் செல்லலாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். 14ஆம் தேதி குழந்தையின் தோல் எப்படி இருக்கும் என்று 10ஆம் தேதி யாருக்கும் தெரியாது. சான்றிதழில் தேதி வந்துவிட்டாலும் ஈரக் கொப்புளம் இருந்தால் அனுப்பாதீர்கள். காலையில் வாசலில் நாங்கள் பார்த்துத் திருப்பி அனுப்பினால் குழந்தை எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே போகும். யாருக்குமே அது வேண்டாம். சந்தேகம் இருந்தால் முந்தின நாள் மாலையே போன் செய்யுங்கள்.

அண்ணனுக்கு வந்திருக்கிறது. தங்கைக்கு ஒன்றும் இல்லை. அவள் வரலாமா?

வரலாம், நன்றாக இருக்கும்வரை. ஆனால் ஒரே வீட்டில் எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் இருந்தால் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். எனவே அவளுக்கு வரும் என்றே வைத்துக்கொண்டு தயாராக இருங்கள். அண்ணனுக்கு 9ஆம் தேதி தெரிந்தது என்றால் தங்கைக்கு 23, 24, 25 வாக்கில் தெரிய வாய்ப்பு அதிகம். அந்த வாரம் தினமும் காலையில் பள்ளிச் சீருடை போடுவதற்கு முன் நெஞ்சு, முதுகு, தலை மூன்றையும் பார்த்துவிடுங்கள். லேசாகக் காய்ச்சல், உடம்பு அசதி, சாப்பாடு வேண்டாம் என்றால் புள்ளி வரும்வரை காத்திருக்காமல் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் இரண்டாவதாக வரும் குழந்தைக்கு நோய் கொஞ்சம் கடுமையாக இருப்பது உண்டு. அவள் ஊசி போடாதவள் என்றால் அண்ணனுக்குத் தெரிந்த அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

பரீட்சை இருக்கிறது. தனி அறையில் உட்காரவைத்து எழுத வைக்க முடியாதா?

முடியாது. காற்றில் பரவும் நோய். குழந்தை வாசலிலிருந்து அந்த அறைக்குப் போக வேண்டும், ஒரு ஆசிரியர் கூட இருக்க வேண்டும், பிறகு அந்த அறையை வேறு யாராவது பயன்படுத்துவார்கள். தேர்வை வேறு நாளில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு நாங்களும் கூட நின்று பேசுவோம். டியூஷன், பிறந்தநாள் விருந்து, விளையாட்டுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பள்ளிக்கு வராத குழந்தை மாலையில் டியூஷனில் இருந்தால் நாங்கள் செய்த கணக்கெல்லாம் வீண்.

வீட்டில் என்ன மருந்து கொடுக்கலாம்? குளிக்கவைக்கலாமா?

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும், எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மையின்போது குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுப்பது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிதான, ஆனால் உயிருக்கே ஆபத்தான 'ரை' நோய்க்கூறோடு தொடர்புடையது. ஐபுபுரூஃபனையும் மருத்துவர் சொல்லாமல் தராதீர்கள், தோலில் கடுமையான பாக்டீரியாத் தொற்று வர அது வழிவிடக்கூடும். வேறு காய்ச்சலுக்கு வாங்கிவைத்த சிரப் அதுவாக இருக்கலாம், லேபிளைப் பாருங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கவைக்கலாம், தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்தால் தழும்பும் விழும், சீழும் பிடிக்கும்.

ஒரு கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாகி வீங்கினால், குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறினால் அல்லது 4 நாள் தாண்டியும் விடவில்லையென்றால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்குவது, நடக்கத் தள்ளாடுவது, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, விடாமல் வாந்தி எடுப்பது இவற்றில் எது தெரிந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பாட்டிக்கு அக்கி வந்திருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். இரண்டு நோய்க்கும் வைரஸ் ஒன்றுதான். சின்னம்மை வந்து போன பிறகு அந்த வைரஸ் நரம்புகளில் தூங்கிக்கிடந்து, பல வருடம் கழித்து அக்கியாக எழும்பும். சின்னம்மை வராத, ஊசியும் போடாத பிள்ளை பாட்டியின் கொப்புளத்து நீரைத் தொட்டால் அதற்குச் சின்னம்மை வரலாம். அந்த இடத்தைத் துணியால் மூடிவைத்து, துண்டைத் தனியாக வைத்துக்கொண்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அக்கி வந்த ஆசிரியரும் அது ஆடைக்குள் முழுவதும் மூடியிருந்தால் வேலைக்கு வரலாம்.

வகுப்பறையை மருந்து அடித்துச் சுத்தம் செய்வீர்களா? பள்ளியை மூடுவீர்களா?

மூட மாட்டோம். வழக்கமான சுத்தம் தொடரும், கைபடும் மேசைகளைக் கூடுதலாகத் துடைப்போம், ஜன்னல்களைத் திறந்துவைப்போம். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே அதிக நேரம் தாங்காது, அதனால் சுவருக்கு மருந்து அடிப்பதில் பயனில்லை.

இரண்டாவது ஒரு குழந்தைக்கும் வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டுமா?

அது எந்தக் கிழமை புள்ளி தெரிந்தது என்பதைப் பொறுத்தது. 24ஆம் தேதி திங்கள் காலை எழுந்ததும் தெரிந்து, பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டால், பரவும் நாட்கள் சனியும் ஞாயிறும்தான். அந்த இரண்டு நாளும் பள்ளி இல்லை. வகுப்புக்குப் புதிதாக எதுவும் பரவவில்லை, பழைய தேதிகளே நிற்கும். அதே குழந்தைக்கு 25ஆம் தேதி செவ்வாய் தெரிந்திருந்தால், திங்கள் அது வகுப்பில் இருந்தது. அப்போது 24இலிருந்து எண்ணுகிறோம். 30 நாள் மாதம் என்றால் அடுத்த மாதம் 4 முதல் 15 வரை கவனிக்கும்படி புதிய செய்தி வரும். முந்தின செய்தி கையில் இருந்தாலும் புதியதைத் திறந்து படியுங்கள், தேதி மாறியிருக்கும்.

கடைசியாக ஒருவருக்கு வந்த பிறகு 42 நாள், அதாவது 21 நாள் இரண்டு முறை, புதிதாக யாருக்கும் வரவில்லையென்றால் பரவல் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தகவலையும் உங்களுக்கு எழுதி அனுப்புவோம்.